போட்டோ வந்துடுச்சு, சாட் எங்கே? புது போனுக்கு மாறும்போது 'குளோன்' ஆப்கள் எதைக் கொண்டு வருகின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன?

மொரப்பூர் பக்கத்தில் இருந்து பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி அனுப்பும் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு வருஷமாக ஒரே ஆண்ட்ராய்டு போன். எத்தனை கிரேடு போனது, கிலோ என்ன ரேட், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். மண்டிக்காரர் எடைச்சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார். ரேட்டை வாய்ஸ் மெசேஜில் சொல்வார். தனியாக நோட்டு கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் 4 மணிக்கு புது போன் வாங்குகிறார். பழையது ஒரு கம்பெனி, புதியது வேறு கம்பெனி. கடையில் இருக்கும் தம்பி இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, புது போன் கம்பெனியின் குளோன் ஆப்பைத் திறந்து, 'எல்லாத்தையும் செலக்ட்' கொடுக்கிறார். அரை மணி நேரத்தில் 100 சதவீதம். கேலரியைத் திறந்தால் எடைச்சீட்டு போட்டோக்கள் இருக்கின்றன. "எல்லாம் வந்துடுச்சுண்ணே" என்று பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்து, அங்கேயே ரீசெட் செய்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்து நம்பரைப் போட்டால் சாட் பட்டியல் காலி. போட்டோ வந்தது, சாட் வரவில்லை. 100 சதவீதம் என்று காட்டியதே, அது பொய்யா?

பொய் இல்லை. அந்த ஆப் தன்னால் எடுக்க முடிந்ததில் 100 சதவீதத்தை எடுத்துவிட்டது. எடுக்க முடியாதது அந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

வாட்ஸ்அப் இரண்டு இடத்தில் வாழ்கிறது

சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச், ஷாவ்மியின் மி மூவர், விவோவின் ஈஸி ஷேர், ஓப்போ, ரியல்மி போன்களில் வரும் குளோன் போன் எல்லாமே அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பழைய போனில் படிக்க அனுமதி உள்ளதைப் படித்து, வைஃபை அல்லது கேபிள் வழியாகப் புது போனில் எழுதும். 'படிக்க அனுமதி உள்ளது' என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் பூட்டிய தனி அறை ஒன்று உண்டு. ஒரு ஆப்பின் அறைக்குள் இன்னொரு ஆப் நுழைய முடியாது. வாட்ஸ்அப்பின் அறை இது:

```
/data/data/com.whatsapp/
```

இதற்குள் `msgstore.db` என்று ஒரு ஃபைல் இருக்கும். உங்கள் சாட் முழுக்க அதில்தான். யார், யாருக்கு, எப்போது, என்ன அனுப்பினார்கள், எந்த மெசேஜுக்கு எது பதில், எதற்கு ஸ்டார் போட்டீர்கள் எல்லாமே அந்த ஒரே ஃபைலில் இருக்கின்றன.

பூட்டிய அறைக்கு வெளியே திண்ணை மாதிரி இன்னொரு இடம் இருக்கிறது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/
```

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இது ஸ்டோரேஜைத் திறந்ததுமே `WhatsApp` என்ற பெயரில் வெளியிலேயே தெரியும். போட்டோ, வீடியோ, வாய்ஸ் மெசேஜ், பிடிஎஃப் எல்லாம் இங்கே `Media` ஃபோல்டரில் விழும். பக்கத்தில் `Databases` என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம், மீட்பு வழி அங்கேதான் இருக்கிறது.

பழைய போன் வேறு கம்பெனி என்றால், அதில் குளோன் ஆப்பை பிளே ஸ்டோரில் இருந்துதான் இறக்குவீர்கள். அந்த போனைப் பொறுத்தவரை அது மற்ற ஆப்களைப் போல ஒரு சாதாரண ஆப். திண்ணையில் இருப்பதை அள்ளிக்கொள்ளும், அறைக்கதவைத் திறக்க முடியாது. விவசாயியின் போனில் நடந்தது இதுதான்.

ஒரே கம்பெனி போனில் இருந்து அதே கம்பெனி போனுக்கு மாறும்போது கதை மாறலாம். போனோடு வந்த குளோன் ஆப் சிஸ்டம் ஆப் என்பதால், மற்ற ஆப்களின் அறைக்குள் போக கம்பெனியே அதற்குச் சாவி கொடுத்திருக்க முடியும். 'நான் மாத்தினப்ப எல்லாமே வந்துச்சே' என்று நண்பர் சொல்வதும், 'எனக்கு ஒண்ணுமே வரலை' என்று நீங்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் ஆப்பை உருவாக்கியவர் பேச்சும் உண்டு. தன் டேட்டாவை பேக்கப் எடுக்கக் கூடாது என்று ஆப்பே சொல்லலாம். அதற்கு `allowBackup` என்ற ஒரு வரி போதும். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு கூகுள் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. அந்த வரியில் 'வேண்டாம்' என்று எழுதினாலும், சில கம்பெனி போன்களில் கூகுள் டிரைவ் பேக்கப் மட்டும்தான் நிற்கும். போனில் இருந்து போனுக்கு மாறும் நகல் நிற்காது. 'சில கம்பெனி போன்களில்' என்பது கூகுளின் டெவலப்பர் பக்கமே சொல்வது. எந்த மாடலில் எது நடக்கும் என்று கடைத் தம்பிக்கும் உறுதியாகத் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

எஸ்எம்எஸ் மட்டும் எப்படி முழுசாக வருகிறது என்று கேட்கலாம். எஸ்எம்எஸ் எந்த ஆப்பின் தனி அறையிலும் இல்லை. அது போனின் பொது அலமாரியில் இருக்கிறது, அனுமதி கொடுத்தால் எந்த ஆப்பும் படிக்கலாம். கான்டாக்ட், கால் லாக் கதையும் அதேதான். குளோன் ஆப்பின் பட்டியலில் `Messages` என்பதற்கு டிக் விழுந்ததைப் பார்த்து, வாட்ஸ்அப் மெசேஜும் அதில் அடக்கம் என்று நினைத்தவர்கள் நிறைய. அது எஸ்எம்எஸ் மட்டும்தான்.

வந்த போட்டோவிலும் ஓட்டை இருக்கிறது

விவசாயியின் கேலரிக்கு வருவோம். எடைச்சீட்டு போட்டோக்கள் வந்துவிட்டன. பெயரைப் பாருங்கள்:

```
IMG-20240512-WA0003.jpg
```

2024 மே 12-ம் தேதி வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் என்று பெயர் சொல்கிறது. எந்த மண்டிக்காரர் அனுப்பினார், அதற்குக் கீழே 'இதுல 2 கிரேடு கழிவு' என்று என்ன எழுதினார் என்பது பெயரில் இல்லை. அது `msgstore.db`-யில் இருந்தது. வாய்ஸ் மெசேஜில் இது இன்னும் மோசம். `PTT-` என்று தொடங்கி `.opus` என்று முடியும் நூற்றுக்கணக்கான ஃபைல்கள், எல்லாம் ஒரே மாதிரி பெயர். யார் குரல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்பதற்கு அவை வந்திருந்தால்தானே!

பல குளோன் ஆப்கள் ஃபோல்டரை அப்படியே எடுப்பதில்லை. போட்டோ, வீடியோ, மியூசிக், டாக்குமென்ட் என்று பிரித்துக் காட்டும். அந்தப் பிரிவுகளுக்கான பட்டியலை கேலரி எங்கே இருந்து எடுக்கிறதோ, அந்த மீடியா இன்டெக்ஸில் இருந்துதான் எடுக்கும். ஒரு ஃபோல்டருக்குள் `.nomedia` என்ற பெயரில் ஒரு காலி ஃபைல் இருந்தால், ஆண்ட்ராய்டு அந்த ஃபோல்டரை இன்டெக்ஸில் சேர்க்காது. கேலரியில் தெரியாது. பிரிவு வாரியாக நகல் எடுக்கும் குளோன் ஆப்புக்கும் தெரியாது.

வாட்ஸ்அப் இந்தக் காலி ஃபைலை எங்கெல்லாம் போடுகிறது தெரியுமா? நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய படங்கள் இருக்கும் `Sent` ஃபோல்டரில் போடுகிறது. 'கேலரியில் காட்டாதே' என்று மீடியா விசிபிலிட்டியை நிறுத்தி வைத்தால், வரும் படங்கள் போய்ச் சேரும் `Private` ஃபோல்டரிலும் போடுகிறது. வாய்ஸ் மெசேஜ் ஃபோல்டரும் கேலரியிலோ மியூசிக் ஆப்பிலோ தலைகாட்டாது. குடும்ப குரூப்பில் தினமும் 40 'குட்மார்னிங்' படம் வருகிறது என்று விசிபிலிட்டியை நிறுத்தி வைத்தவர்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். அவர்களுக்கு வந்த படங்கள் மொத்தமும் `Private`-ல் இருக்கும்.

இறந்துபோன அப்பாவின் குரல் பழைய வாய்ஸ் மெசேஜில் மட்டும்தான் இருக்கிறது என்கிற வீடுகள் உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் குளோன் ஆப்பை நம்பி உட்கார வேண்டாம். அந்த மெசேஜைத் தொட்டு அழுத்தி, ஷேர் கொடுத்து, இமெயிலுக்கோ கூகுள் டிரைவுக்கோ தனியாக அனுப்பிவிடுவது அரை நிமிஷ வேலை.

ராத்திரி 2 மணி பேக்கப்பும் காணாமல் போன 14 மணி நேரமும்

இப்போது அந்த `Databases` ஃபோல்டர். வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்கு சாட்டை ஒரு முறை நகல் எடுத்து, பூட்டுப் போட்டு, திண்ணையில் வைக்கிறது. பெயர் இப்படி இருக்கும்:

```
msgstore.db.crypt14
```

புதிய போன்களில் கடைசியில் `crypt15` என்று வரலாம். முந்தைய நாட்களின் நகல்கள் தேதியோடு பக்கத்திலேயே இருக்கும். ஏழு நாள் வரைக்கும் வைத்திருந்து, பழையதை வாட்ஸ்அப்பே அழித்துவிடும்.

குளோன் ஆப் பிரிவு வாரியாக இல்லாமல், 'ஃபைல்கள்' என்று ஸ்டோரேஜை மொத்தமாக எடுத்திருந்தால் இந்த நகலும் கூடவே வந்திருக்கும். புது போனில் வாட்ஸ்அப் திறந்து அதே நம்பரைப் போட்டதும், 'பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் செய்யவா?' என்று கேட்கும். செய்தால் சாட் வந்துவிடும். 'குளோன்ல சாட்டும் வந்துடுச்சு' என்று பலர் சொல்வது உண்மையில் இதைத்தான். குளோன் ஆப் சாட்டைக் கொண்டு வரவில்லை. வாட்ஸ்அப் எடுத்து வைத்த மூட்டையைத் தூக்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மூட்டை கட்டப்பட்டது அதிகாலை 2 மணிக்கு. விவசாயி போன் மாற்றியது மாலை 4 மணிக்கு. நடுவில் 14 மணி நேரம். அன்று காலை மண்டியில் இருந்து வந்த ரேட்டும் 'பாக்கியை வெள்ளிக்கிழமை போடுறேன்' என்ற மெசேஜும் அதில் இருக்காது. ஆயிரக்கணக்கான பழைய மெசேஜ் வந்திருப்பதால் இந்த 14 மணி நேரம் கண்ணிலேயே படாது. சத்தமில்லாமல் விடுபடுவது என்றால் இதுதான்.

இதைத் தடுக்க ஒரே ஒரு தட்டல் போதும். போன் மாற்றுவதற்கு முன், பழைய போனில் `Settings` > `Chats` > `Chat backup` போய் `Back up` கொடுங்கள். கூகுளுக்குப் போகும் நகலோடு, போனிலும் அந்த நிமிஷத்து நகல் விழும். அதற்குப் பிறகு குளோனைத் தொடங்குங்கள்.

இந்த மூட்டையை யார் வேண்டுமானாலும் பிரித்துவிட முடியாது. பேக்கப் எடுத்தபோது என்ன நம்பரோ, அதே நம்பரில் ஓடிபி வாங்கிப் பதிவு செய்தால்தான் திறக்கும். புது போனோடு புது சிம்மும் வாங்கி, புது நம்பரில் வாட்ஸ்அப் தொடங்கினால் ஃபைல் அங்கேயே கிடக்கும், பிரிக்க முடியாது. நம்பரும் மாறப்போகிறது என்றால், முதலில் பழைய நம்பரிலேயே புது போனில் சாட்டைக் கொண்டு வந்துவிட்டு, அதன் பிறகு `Change number` கொடுக்க வேண்டும்.

என்ட்-டு-என்ட் என்கிரிப்டட் பேக்கப்பை ஆன் செய்தவர்களுக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. 2021-ல் வந்த இந்த வசதியில் ஒரு பாஸ்வேர்டோ 64 இலக்க கீயோ வைத்திருப்பீர்கள். அது மறந்துபோனால் வாட்ஸ்அப் கம்பெனியாலும் திறந்து தர முடியாது. பழைய போன் கையில் இருக்கும்போதே இதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கூகுள் டிரைவ்ல இருக்கே, அப்புறம் என்ன?

இருந்தால் நிம்மதிதான். ஆனால் அதிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

`Include videos` என்ற பட்டன் தனியாக இருக்கிறது. நீங்களாக ஆன் செய்யாவிட்டால் வீடியோ பேக்கப்பில் போகாது. ரீஸ்டோர் செய்த பிறகு சாட்டில் மங்கலான ஒரு கட்டம் தெரியும், தட்டினால் ஓடாது. அனுப்பியவரிடமே மறுபடி கேட்டு வாங்க வேண்டியதுதான்.

2023 டிசம்பருக்குப் பிறகு படிப்படியாக, வாட்ஸ்அப் பேக்கப் கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கில் சேரத் தொடங்கியது. அதற்கு முன் அது தனி. இப்போது ஜிமெயில், கூகுள் போட்டோஸ், வாட்ஸ்அப் மூன்றும் அதே 15 ஜிபியைப் பங்கு போடுகின்றன. இடம் நிறைந்ததும் பேக்கப் நின்றுபோகும். நின்றுபோனதை யாரும் கவனிப்பதில்லை. ஆறு மாசத்துக்கு முந்தைய பேக்கப்பை நேற்றையது என்று நம்பிக்கொண்டு போனை மாற்றிவிடுகிறார்கள். `Chat backup` பக்கத்தில் கடைசி பேக்கப் எடுத்த தேதி இருக்கும். அந்தத் தேதியைக் கண்ணால் பாருங்கள்.

ரீஸ்டோர் கேட்கும் திரையிலும் பேக்கப்பின் தேதியும் அளவும் தெரியும். தேதி பழசாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவசரத்தில் `Skip` தட்டிவிட்டு, 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று காலி வாட்ஸ்அப்பையே பயன்படுத்தத் தொடங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. காரணம் எளிது. அதே கூகுள் அக்கவுன்ட்டில், அதே நம்பரில் புது பேக்கப் போனால் பழைய பேக்கப்பின் மேலேயே எழுதிவிடும். நாலு வருஷ சாட் இருந்த இடத்தில் ஒரு நாள் சாட் உட்கார்ந்துவிடும். பழையதைத் திரும்பக் கொண்டு வர வழி இல்லை.

`Skip` தட்டிவிட்டீர்கள் என்றால் உடனே செய்ய வேண்டியது, `Chat backup`-ல் தானியங்கி கூகுள் பேக்கப்பை `Off` செய்வது. அதிகாலைக்கு முன் செய்துவிட வேண்டும். பிறகு வாட்ஸ்அப்பை நீக்கி, மறுபடி இன்ஸ்டால் செய்தால் ரீஸ்டோர் திரை திரும்ப வரும். நீக்குவதற்கு முன் `WhatsApp` ஃபோல்டரை வேறு இடத்தில், முடிந்தால் ஒரு கம்ப்யூட்டரில், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ சரியான வழி எது?

குளோன் ஆப்பை ஒதுக்க வேண்டியதில்லை. கான்டாக்ட், எஸ்எம்எஸ், கேலரி, ஆப் பட்டியல் இதற்கெல்லாம் அது நன்றாகவே வேலை செய்கிறது. சாட்டை மட்டும் அதனிடம் விடாமல், வாட்ஸ்அப்பின் சொந்த வழியில் மாற்ற வேண்டும். 2023 ஜூன் கடைசியில் அந்த வழி வந்தது. ஆண்ட்ராய்டில் இருந்து ஆண்ட்ராய்டுக்கு, எந்தக் கம்பெனியாக இருந்தாலும், கூகுள் டிரைவே இல்லாமல் மாற்றலாம். அறைக்குள் இருப்பவரே கதவைத் திறந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி இது. பூட்டுப் பிரச்னை எழாது.

பழைய போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து `Settings` > `Chats` > `Transfer chats` போய் `Start` கொடுத்து அப்படியே வைத்துவிடுங்கள். புது போனில் வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் செய்து, அதே நம்பரில் ஓடிபி போட்டதும், பழைய போனில் இருந்து சாட்டைக் கொண்டு வரவா என்று கேட்கும். அங்கே `Start` கொடுத்தால் ஒரு கியூஆர் கோடு வரும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டு போனிலும் வைஃபையும் லொகேஷனும் ஆனில் இருக்கட்டும், கேட்கும் அனுமதிகளைக் கொடுங்கள். டேட்டா நேராக ஒரு போனில் இருந்து இன்னொரு போனுக்குப் போகும், நெட் செலவாகாது. 8, 9 ஜிபி சாட் என்றால் கொஞ்ச நேரம் எடுக்கும். முடியும் வரை இரண்டு போனையும் தள்ளி வைக்காமல், திரையை அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி புது போனில் பதிவு செய்யும் நேரத்தில்தான் வரும். குளோன் முடிந்ததும் கடையிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து, ஓடிபி போட்டு, கேட்பதற்கெல்லாம் `Skip` கொடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு தாண்டிப்போகும். கடைத் தம்பியிடம் "வாட்ஸ்அப்பை மட்டும் திறக்காதப்பா, நான் பாத்துக்கறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தாண்டிப்போய்விட்டது, ஆனால் பழைய போன் இன்னும் ரீசெட் ஆகாமல் கையில் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். புது போனில் பதிவானதும் பழைய போனில் இருந்து வாட்ஸ்அப் வெளியேற்றப்படும். ஆனால் உள்ளே இருக்கும் `msgstore.db` அழிவதில்லை. பழைய போனில் அதே நம்பரில் மறுபடி பதிவு செய்தால் சாட் அங்கேயே இருக்கும். ஓடிபி அடுத்தடுத்து கேட்டால் வாட்ஸ்அப் சில நேரம் காத்திருக்கச் சொல்லும், அவ்வளவுதான். பிறகு புது போனில் வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு, முதலில் இருந்து `Transfer chats` செய்யலாம்.

இரண்டாவது வாட்ஸ்அப்பை மறந்துவிடாதீர்கள்

ஒரே போனில் இரண்டு சிம், இரண்டு வாட்ஸ்அப் என்பது கடைக்காரர்கள், டிரைவர்கள், ஏஜென்டுகள் கையில் சாதாரணம். டூயல் ஆப்ஸ், டூயல் மெசஞ்சர், ஆப் குளோன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். 'ஆப் குளோன்' வேறு, 'குளோன் போன்' வேறு. முதலாவது ஒரே போனுக்குள் ஆப்பை இரட்டிப்பாக்குவது, இரண்டாவது போனையே நகல் எடுப்பது. பெயரைக் குழப்பமாக வைத்தது யார் என்று தெரியவில்லை.

இந்த இரண்டாவது வாட்ஸ்அப் போனுக்குள் வேறொரு பயனாளர் இருப்பது போல ஒரு தனிப் பகுதியில் ஓடுகிறது. சாம்சங்கில் அந்தப் பகுதிக்கு 95 என்றும், ஷாவ்மி போன்ற போன்களில் 999 என்றும் எண். சாதாரண ஆப் எட்டிப்பார்க்கும் இடமே இல்லை அது. அதனால் அதன் மீடியா ஃபோல்டர்கூட குளோனில் வராமல் போவது அதிகம். முதல் வாட்ஸ்அப்பின் படங்களாவது கேலரியில் தெரிந்தன, இதில் அதுவும் இருக்காது. இரண்டாவது வாட்ஸ்அப்புக்கும் தனியாக பேக்கப் எடுத்து, தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் பயன்படுத்துபவர்களும் கவனிக்கலாம். அது `com.whatsapp.w4b` என்ற வேறு பெயரில், வேறு ஃபோல்டரில் இருக்கும் தனி ஆப். ஒன்று சரியாக வந்துவிட்டது என்பதால் மற்றதும் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் வழியாகப் பணம் அனுப்புகிறவர்கள் புது போனில் யுபிஐயை மறுபடி பதிவு செய்ய வேண்டும். எந்த யுபிஐ ஆப்புக்கும் இதே விதிதான். அது சிம்மோடும் போனோடும் கட்டப்பட்டது, நகல் எடுத்துக் கொண்டு போகக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். டெலிகிராம் சாட் சர்வரில் இருப்பதால் லாகின் செய்ததும் வந்துவிடும், சீக்ரெட் சாட் மட்டும் பழைய போனோடு நின்றுவிடும். சிக்னல் தன் டேட்டாபேஸைப் பூட்டிய சாவியை போனின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்திருப்பதால், ஃபைலையே தூக்கிக்கொண்டு வந்தாலும் புது போனில் திறக்காது. அதற்கும் சிக்னலின் சொந்த டிரான்ஸ்ஃபர்தான்.

ஐபோனுக்கு மாறினால்?

ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் எழுதும் டேட்டாபேஸும் ஐபோன் வாட்ஸ்அப் எழுதும் டேட்டாபேஸும் வேறு வேறு. கூகுள் டிரைவில் இருக்கும் பேக்கப்பை ஐபோன் படிக்காது, ஐகிளவுடில் இருப்பதை ஆண்ட்ராய்டு படிக்காது. 2022 ஜூலையில் இருந்து ஆப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியாக வாட்ஸ்அப் சாட்டையும் கொண்டு போகலாம். ஐபோன் புதிதாகவோ ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிய ஐபோன் என்றால் முடியாது. இரண்டு போனையும் சார்ஜில் போட்டு வைக்க வேண்டும். சாட், குரூப், மீடியா, செட்டிங்ஸ் எல்லாம் வரும், வாட்ஸ்அப் கால் ஹிஸ்டரி வராது. எதிர்ப்பக்கம், ஐபோனில் இருந்து ஆண்ட்ராய்டுக்கு வர 2021-ல் சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் மூலம் கேபிள் வழி முதலில் வந்தது.

பழைய போனைக் கொடுப்பதற்கு முன்

சாட் உண்மையிலேயே வந்ததா என்று பார்க்க கேலரி உதவாது. குளோன் தொடங்கும்போதே ஒரு அறிகுறி தெரியும். பட்டியலில் வாட்ஸ்அப்புக்குப் பக்கத்தில் என்ன அளவு காட்டுகிறது என்று பாருங்கள். பழைய போனின் ஆப் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பின் டேட்டா பல நூறு எம்பி இருக்கிறது, குளோன் பட்டியலில் அதைவிட மிகக் குறைவாக வெறும் ஆப் அளவுதான் இருக்கிறது என்றால், போவது காலி ஆப் மட்டும்.

மாற்றி முடித்த பிறகு இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, ஒரே சாட்டைத் திறந்து பாருங்கள். அதிகம் பேசும் சாட்டை எடுக்காமல், ரொம்ப நாளாகப் பேசாத ஒருவருடைய சாட்டை எடுங்கள். அதில் மிகப் பழைய மெசேஜ் இரண்டு போனிலும் ஒன்றா? இன்று காலை வந்த கடைசி மெசேஜ் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய ஒரு போட்டோ, ஒரு பழைய வாய்ஸ் மெசேஜ், ஒரு வீடியோ, மூன்றையும் தட்டினால் ஓடுகிறதா? `Starred` பட்டியல் சரியாக இருக்கிறதா? இதையெல்லாம் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. போட்டோ தெரிந்து வாய்ஸ் மெசேஜ் ஓடவில்லை என்றால் மீடியா ஃபோல்டர் பாதிதான் வந்திருக்கிறது. பழசெல்லாம் இருந்து இன்று காலை மெசேஜ் இல்லை என்றால், ராத்திரி 2 மணி மூட்டையில் இருந்துதான் ரீஸ்டோர் ஆகியிருக்கிறது.

எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய போனை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்றால், கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு `com.whatsapp` ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்து வையுங்கள். எடுப்பதற்கு முன் `Back up` கொடுக்க மறக்க வேண்டாம். கடையில் என்ன சொதப்பினாலும், புது போனில் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன் அதே ஃபோல்டரை `Android/media` உள்ளே போட்டு, அதே நம்பரில் பதிவு செய்து, `Restore` கொடுத்தால் சாட் திரும்ப வரும். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஒரு ஓடிஜி பென்டிரைவில் இதே வேலையைச் செய்யலாம். ஃபைல் மேனேஜரில் நகல் எடுத்ததும், பென்டிரைவைத் திறந்து `Databases` ஃபோல்டருக்குள் இன்றைய தேதியில் ஒரு `msgstore` ஃபைல் விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.